கொழும்பு என்ற பட்டை

தொண்ணூறுகளின் கடைசியில் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி ஆபீஸில் எனக்கு வேலை. பில், பேக்கிங் லிஸ்ட் அடிப்பது. என் வீட்டுக்காரர் வேறொரு கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். இரண்டு பேருக்கும் சம்பளம் வந்தது, ஆனாலும் இருபதாம் தேதிக்கு மேல் கையில் ஒன்றும் நிற்காது. எங்கே போகிறது என்று ஒருவரை ஒருவர் கேட்டே அலுத்துப்போனோம்.

போகும் இடங்களில் ஒன்று கொழும்பு. அவருடைய அக்காவை அங்கே ஒரு துணிக்கடைக்காரருக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மாப்பிள்ளை படுத்த படுக்கையாகி கடையும் போய்விட்டது. இவர் மாதாமாதம் வங்கியில் படிவம் எழுதிக்கொடுத்து டாலரில் டிராஃப்ட் எடுத்து அனுப்பிக்கொண்டிருந்தார்.

மேனேஜரிடம் கேட்டுக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் ஆபீஸ் கம்ப்யூட்டரில் வீட்டுக் கணக்குக்கு ஒரு ஸ்ப்ரெட்ஷீட் போட்டேன். மாதத்துக்கு ஒரு தாள். தேதி, தலைப்பு, ரூபாய். வாடகை, மளிகை, பள்ளிக்கூடம், பஸ், கொழும்பு என்று தலைப்புகள், எல்லாம் ஆங்கில எழுத்தில். முதல் பக்கத்தில் ஒவ்வொரு தலைப்புக்கும் அந்த மாதத்துச் செலவை அதுவே கூட்டிப் போடும். சம்பளத்திலிருந்து அதைக் கழித்து மீதி காட்டும். பக்கத்தில், செலவுக்குத் தக்க உயரத்தில் பட்டை பட்டையாக ஒரு படம்.

பங்குனி, சித்திரையில் ஷிப்மென்ட் நெருக்கடி. ஞாயிறும் எனக்கு வேலை. அந்த மாதங்களில் அவரே வந்து, நான் பக்கத்து மேஜையில் பில் அடிக்கும்போது, ஒற்றை விரலில் தட்டித் தட்டிக் கணக்கை ஏற்றினார்.

வேலை ஓய்ந்தபின் முதல் பக்கத்தைத் திறந்தேன். கொழும்புக்குப் பட்டையே இல்லை. இரண்டு மாதமும் பூஜ்யம். மீதி மட்டும் கொழுத்து நின்றது. பாஸ்புக்கில் அந்த மீதி இல்லை.

அக்காவுக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டு அந்தப் பணத்தை வேறெங்கோ கொடுக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றியது. கேட்பதற்குக்கூடத் தெம்பில்லை. இரண்டு நாள் பேசாமல் சோறு போட்டேன். மூன்றாம் நாள் அவரே ஆரம்பித்தார்.

"என்னம்மா, உடம்பு சரியில்லையா?"

"ஏனுங்க, கொழும்புக்கு அனுப்பறதில்லீங்களா இப்ப?"

"அனுப்பாம? ரெண்டு மாசமும் அனுப்பியாச்சே."

"கணக்குல இல்லீங்களே."

"நான்தான ஏத்துனேன், இல்லாம எங்க போகும்?" என்றார். குரல் உயரவில்லை. அப்படியே எழுந்து போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார். சாப்பாட்டுத் தூக்கை எடுக்கவில்லை.

அன்று மதியம் பங்குனித் தாளை மேலிருந்து கீழ்வரை பார்த்தேன். கட்டத்தில் தேதி இருந்தது, ரூபாய் இருந்தது. தலைப்பில் அவர் அடித்திருந்தது 'akka'. சித்திரையிலும் அதேதான். முதல் பக்கம் 'colombo' என்று எழுதிய வரிகளை மட்டும்தான் தேடிக் கூட்டும். அக்கா என்றால் அதற்கு யாரோ.

அந்த இரண்டு வரிகளையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அது ஊர். அவருக்கு அது அக்கா. பிறகு முதல் பக்கத்துத் தலைப்பை அக்கா என்று மாற்றி, பழைய மாதங்களிலும் மாற்றினேன். தாளின் மொத்தமும் தலைப்புகளின் மொத்தமும் ஒத்துப்போகிறதா என்று காட்ட அடியில் ஒரு வரி சேர்த்தேன். பட்டை எழுந்தது. வாடகைக்கு அடுத்து அதுதான் உயரம். மீதி, பாஸ்புக்கில் இருந்த அதே கொஞ்சத்துக்கு இறங்கிவிட்டது.

சாயங்காலம் பிரின்ட் எடுத்துப் போய்க் கொடுத்தேன். "என் தப்புங்க" என்றேன். அவர் அந்தப் பட்டையையே பார்த்தார்.

"குறைச்சரலாமா?" என்றார். குறை என்று நான் சொல்லிவிடுவேனோ என்ற பயம் அந்தக் கேள்வியிலேயே இருந்தது.

டிராஃப்டுக்கு வங்கி ஒவ்வொரு தடவையும் எடுக்கும் கமிஷனைத் தனியாகப் பார்த்திருந்தேன். தொகை சிறிதானாலும் கமிஷன் குறைவதில்லை. "பணத்தைக் குறைக்க வேண்டாமுங்க. ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா சேர்த்து அனுப்புவோம். அந்தக் கமிஷனாச்சும் மிஞ்சும்" என்றேன்.

அக்காவிடம் சொல்ல ஐஎஸ்டி பூத்துக்குப் போனோம். மீட்டரைப் பார்த்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னேன்.

"இங்க மளிகைக் கடையில ஒரு மாசம் கடன் சொல்லிக்குவேன் கண்ணு. நீங்க சிரமப்பட வேண்டாம்" என்றார் அக்கா. பிறகு, "அவன் நேரத்துக்குச் சாப்பிடறானா?" என்று கேட்டார்.

சாப்பிடறாருங்க அக்கா என்றேன்.

அக்கா மகளுக்கு வேலை கிடைக்கும்வரை அப்படியே அனுப்பினோம். இருபதாம் தேதிக்கு மேல் எங்கள் கையில் அதன்பிறகும் ஒன்றும் நிற்கவில்லை. எங்கே போகிறது என்று கேட்பது மட்டும் நின்றது.