தடிப் பருத்தி வாங்காதே

அதைத்தான் நானும் சொல்ல வந்தேன் மதினி. மூலைக் கடைக்காரர் காய்ச்சலில் படுத்ததும் கடையும் கூடவே படுத்துக்கொண்டது என்று சிரிக்கிறீர்கள். எங்கள் வீட்டுக்காரரும் ஒரு காலத்தில் அப்படித்தான். அவர் இல்லாவிட்டால் இன்ஜின் இருமும், ஓடாது.

உலகச் சண்டைக்கு முந்தின காலம். இங்கே ராஜபாளையத்தில் பருத்தியைக் கொட்டை வேறு, பஞ்சு வேறாகப் பிரிக்கிற ஜின்னிங் பாக்டரி ஒன்றைச் சின்னதாக ஆரம்பித்திருந்தார். இன்ஜினைக் கிளப்புவது, தோல் உருளை தேய்ந்தால் மாற்றுவது, வண்டியில் வரும் பருத்தியைப் பார்த்து விலை சொல்வது, எல்லாம் அவர்தான். வீட்டில் சூடாக அவர் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. என் கல்யாணத்துக்கு வந்த வெண்கலப் பானைகூட அவரைவிட அதிக நேரம் என்னோடு இருந்தது.

இன்னும் நாலு மெஷின் போட ஆசைப்பட்டார். ஸ்ரீவில்லிபுத்தூர் வியாபாரி ஒருவர் பங்கு சேர வந்தார். எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிட்டு, காப்பி குடித்துக்கொண்டே சொன்னார்:

"அண்ணாச்சி, நாளைக்கு ஒமக்கு ஒண்ணுன்னா இது நின்னு போகும்லா? என் பணத்த ஒரு ஆளு தலைக்குள்ள போட்டு வைக்க முடியாது. தலையில இருக்கத எழுத்துல எறக்கும். வேலையப் பகுந்து கொடும். ஒரு பருத்தி வெள்ளாமை முடியுற வரைக்கும் நீரு அந்தப் பக்கம் வரப்படாது. ஓடுச்சுன்னா பங்கு."

எங்கள் வீட்டுக்காரருக்கு முகம் கறுத்துப்போனது. ஆனாலும் கணக்குப்பிள்ளையை உட்கார வைத்துச் சொல்லச் சொல்ல எழுத வைத்தார். இன்ஜின் வேலை பிட்டருக்கு, உருளை வேலை மேஸ்திரிக்கு, பருத்தி வாங்குவது அந்த வியாபாரியின் மச்சானுக்கு. மச்சான் வத்திராயிருப்புக்காரர், நெல்லும் தேங்காயும் தெரியும், பருத்தி புதுசு.

நாங்கள் ஸ்ரீவில்லிபுத்தூரில் வாடகை வீட்டுக்குப் போனோம். எனக்கு ஒரே குதூகலம். சூடாகச் சோறு, எதிரே புருஷன். ஆனால் அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார், உருண்டை வாய்க்குப் போகாது. வீட்டில் நாங்கள் பேசுவது தெலுங்கு. அந்தத் தெருவில் எங்கள் பேச்சுப் பேச ஒரு ஆள் இல்லை. சாயங்காலமானால் ராஜபாளையம் ரோட்டுக்குப் போய் நின்றுவிட்டு வருவார். யாராவது ஏதாவது கேட்டு வருவார்கள் என்று. ஒருவரும் வரவில்லை. ஓடுகிறது போல என்றார் ஒருநாள். பிள்ளையைக் கட்டிக்கொடுத்துவிட்டு வந்த வீடு மாதிரி இருந்தது, இரண்டு பேர் இருந்தும்.

பிறகுதான் அந்த மச்சான் வந்தார், வேர்த்து விறுவிறுத்து. பருத்தி விளைவிக்கிற சம்சாரிகள் சண்டைக்கு வருகிறார்களாம். வன்னியம்பட்டிப் பருத்தி, சுளை சுளையாக நல்ல தடியானது, அதை மச்சான் திருப்பி அனுப்ப, எல்லா வண்டியும் வேறு பாக்டரிக்குப் போகிறதாம். வாங்கி வைத்த பருத்தியோ குவியலுக்குள் சூடேறிப் பஞ்சு மஞ்சளாய்ப் பழுக்கிறதாம்.

"நல்ல பருத்திய ஏம்ப்பா திருப்புன?" என்றார் எங்கள் வீட்டுக்காரர்.

"நீங்கதான எழுதி வச்சிய? தடிப் பருத்தி வாங்காதேன்னு."

நான் அடுப்படியில் இருந்தே சிரித்துவிட்டேன் மதினி. எங்கள் தெலுங்கில் தடி என்றால் ஈரம். இவர் பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருக்கிறார், கணக்குப்பிள்ளை அப்படியே எழுதியிருக்கிறார். பாக்டரியில் எல்லாருக்கும் அந்தச் சொல் பழக்கம். புதுசாக வந்த மச்சான் தடித்த பருத்தியை விரட்டிவிட்டு ஈரத்தை வாங்கிப் போட்டிருக்கிறார்.

இவரும் சிரித்தார். எத்தனையோ நாளுக்குப் பிறகு. மச்சான் மடியில் கொண்டுவந்திருந்த பருத்தியிலிருந்து ஒரு கொட்டையை எடுத்துக் கடித்தார். நசுங்கியது. எங்கள் வீட்டு மெத்தைக்குக் கொட்டை பிரிக்காமல் வைத்திருந்த பருத்தியிலிருந்து ஒன்று கடித்தார். டக்கென்று உடைந்தது. சத்தம் வந்தால் காய்ந்தது, வராவிட்டால் ஈரம், அவ்வளவுதான் என்றார். மச்சானும் கடித்துப் பார்த்தார். எழுதினதை எல்லாம் வேலை செய்கிற ஆளுக்கு வாசித்துக் காட்டி, அவனவன் வாயால் திருப்பிச் சொல்ல வைக்க வேண்டும் என்றும் பேசிக்கொண்டார்கள்.

அதற்குள் இவர் துண்டை உதறித் தோளில் போட்டாயிற்று. "இரி, நானும் வாரேன். குவியலப் பிரிச்சுக் காயப் போடணும்."

"நீங்க எதுக்கு அண்ணாச்சி அலையணும்? வெளங்கிருச்சு. நாங்க பாத்துக்கிடுதோம்."

மச்சான் மரியாதையாகத்தான் சொன்னார். இவர் துண்டை எடுத்து மடித்தார். மறுபடி மடித்தார். பிறகு உட்கார்ந்துவிட்டார்.

வெள்ளாமை முடியக் காத்திராமல் வியாபாரி அந்த வாரமே வந்தார். தப்பு வந்தது, நீர் போகாமலே தீர்ந்தது, இதைத்தான் பார்க்க நினைத்தேன் என்று பங்குக்குச் சம்மதித்தார். ஊருக்குத் திரும்பினோம். மெஷின்கள் வந்தன. சாகும்வரை எங்கள் வீட்டுக்காரர் மதியம் வீட்டில்தான் சாப்பிட்டார், பாக்டரி இருக்கிற திசையைப் பார்த்துக்கொண்டு.

அவர் காரியம் முடிந்த மறுநாள் காலையில் இன்ஜின் சத்தம் கேட்டது. எனக்குச் சந்தோஷம்தான் மதினி, பொய் சொல்லவில்லை. அவர் போட்டது ஓடுகிறது. சோறுதான் ஒரு ஆளுக்கு வடிக்கப் பழகவில்லை. பாக்டரியில் இப்போது எல்லாரும் ஈரப் பருத்தி என்றுதான் சொல்கிறார்களாம். தடி என்று சொல்ல...

ஐயோ, தூறல் விழுகிறதா? மாடியில் தலையணைப் பஞ்சு காயப் போட்டிருக்கிறேன். தடியாகிவிடும், இருங்கள், அள்ளிவிட்டு வருகிறேன்.