மண்ணெண்ணெய் பாட்டில்

தங்கச் சுரங்க ஊரான மாரிகுப்பத்தில் ஏழைகளுக்கு உதவும் சங்கம் ஒன்றில் பயிற்சிக்குச் சேர்ந்தேன். மிஷன் பள்ளியில் படிப்பு முடிந்திருந்தது. வீட்டில் கல்யாணப் பேச்சு இன்னும் ஆரம்பிக்கவில்லை. உதவி கேட்பவர்களின் வீட்டுக்குப் போக வேண்டும், பார்த்ததை அன்றைக்கே குறிப்பாக எழுத வேண்டும். சங்கத்தின் செயலாளர் அதைச் சுருக்கி இங்கிலீஷில் கமிட்டிக்கு வாசிப்பார். சுருக்கம் எழுதுவதையும் பிறகு எனக்குக் கற்றுத்தருவதாகச் சொல்லியிருந்தார்.

"கண்ணால பார்த்தது தனியா, அவங்க சொன்னது தனியா எழுது. உன் அபிப்பிராயம் கடைசில வரட்டும். மூணையும் கலக்காதே" என்றார் முதல் நாள். நல்ல விதிதான். பின்னால் அதை மீறியதும் அவரேதான்.

சுரங்கத்தில் பாறைக்குத் துளை போடும் வேலை பார்த்த ஒருவர் வீட்டுக்கு அனுப்பினார்கள். மூங்கில் தட்டி வீடு. படுத்தால் மூச்சு முட்டும் என்று அந்த மனிதர் சுவரோடு சாய்ந்தே உட்கார்ந்திருந்தார். இருமினால் வாயைப் பொத்தும் துணியில் சிவப்பு தெரிந்தது. அவர் மனைவி நாலு வீட்டுக்குத் தண்ணீர் சுமந்து பிள்ளைகள் இரண்டுக்கும் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா எழுதினு கீறீங்க?" என்று கேட்டாள்.

"பார்த்ததை எழுதுறேன்."

"அப்டீன்னா அந்த பாட்டில்ல கீறது மண்ணெண்ணெய்னு எழுதிக்குங்க. வர்றவங்க எல்லாம் அதையே மொறச்சி பாக்கறாங்க."

மூலையில் ஒரு சாராய பாட்டில். முகர்ந்து பார்த்தேன், மண்ணெண்ணெய்தான். கணவர் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, "நா சாராயத்தத் தொட்டதே இல்லம்மா. தூசிதான் என்னத் தின்னுச்சி" என்றார்.

எல்லாவற்றையும் எழுதினேன். மூலையில் சாராய பாட்டில், உள்ளே மண்ணெண்ணெய், நானே முகர்ந்தேன். தூசியால் நோய் வந்ததாக அவர் சொல்கிறார். என் அபிப்பிராயம்: உழைக்க முடியாதவர், மாதந்தோறும் அரிசி தேவை.

கமிட்டி கூடியது செயலாளரின் பங்களாவில். சுரங்க அதிகாரிகள் இரண்டு பேர், அவர்களுடைய மனைவிமார், ஒரு பாதிரியார். மேஜையில் கேக் இருந்தது. கதவோரம் எனக்கு ஒரு முக்காலி. செயலாளர் வாசித்தார்: "குடியால் உடல் கெட்டவன். வீட்டில் சாராய பாட்டில் காணப்பட்டது. மனைவி உழைப்பாளி. திருந்துவதாகச் சொல்கிறான்."

என் காதையே நம்ப முடியவில்லை. தூசியும் இல்லை, மண்ணெண்ணெயும் இல்லை. ஒரு அம்மாள் கேக்கை மென்றபடியே, பாட்டில் காலியாக இருந்ததா என்று கேட்டுச் சிரித்தாள்.

நான் எழுந்தேன். "பாட்டிலில் இருந்தது மண்ணெண்ணெய். குறிப்பில் எழுதியிருக்கிறேன்" என்று இங்கிலீஷிலேயே சொன்னேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. அதிகாரி ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். மனைவிக்காக அரிசி கொடுக்கலாம் என்று தீர்மானித்துவிட்டு அடுத்த குடும்பத்துக்குப் போய்விட்டார்கள்.

வெளியே வந்ததும் செயலாளர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"தூசின்னு வாசிச்சா அந்த ரெண்டு துரையும் ஒத்துக்குவாங்களா? அரிசி வந்துச்சா இல்லையா, அதைப் பார். இந்தக் கேஸ் ஆண்டறிக்கைக்கும் நல்லா இருக்கும். 'குடியிலிருந்து மீண்ட குடும்பம்'னு நீயே ஒரு பக்கம் எழுது. சந்தா குடுக்கறவங்களுக்குப் பிடிக்கும்."

அவர் விரலில் கேக் துணுக்கு ஒட்டியிருந்தது. அதை நக்கிக்கொண்டே சொன்னார். அந்த விரலைப் பார்த்தபோது எழுந்த அருவருப்பு இப்போதும் எனக்கு மறக்கவில்லை.

மறுநாள் அரிசி கொண்டுபோனபோது கணவன் மனைவி இருவரிடமும் நடந்ததைச் சொன்னேன். அவர்கள் பேரில் எழுதியதை அவர்கள் தெரிந்துகொள்ளாமல் இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

மனைவி அரிசியைப் பானையில் கொட்டினாள். "எழுதிக்கட்டும். புள்ளைங்க துன்னட்டும்."

அவர் மட்டும் வெகுநேரம் இருமினார். பிறகு, "எங்க அப்பன் குடிச்சே செத்தாரு. அதனாலதாம்மா நா தொடல" என்றார். "எம் பசங்க நாளைக்கி அதப் படிச்சா?"

அரிசிப் பையை மடித்துக்கொண்டு நேரே சங்கத்துக்குப் போனேன்.

ஆண்டறிக்கைப் பக்கத்தை எழுத மாட்டேன் என்று செயலாளரிடம் சொன்னேன். அவர் கோபிக்கக்கூட இல்லை. "சரி, நானே எழுதிக்கறேன்" என்றார். எழுதினார். அச்சாகியும் வந்தது: வீடு திரும்பும் தகப்பன், காத்திருக்கும் குழந்தைகள், உடைத்தெறிந்த பாட்டில். அழகான இங்கிலீஷ். முதல் பத்தியைத் தாண்ட என்னால் முடியவில்லை.

மழைக்காலம் முடிவதற்குள் அந்தச் சுரங்கத் தொழிலாளி இறந்துபோனார். குடும்பத் தலைவர் இல்லாததால் மனைவிக்கு வேறு வகையில் மனு போட வேண்டும் என்றார்கள். மனுவை நானே எழுதினேன், அவள் சொல்லச் சொல்ல, அவள் வார்த்தைகளிலேயே. தூசி என்ற சொல் அதில் மூன்று இடத்தில் வந்தது. செயலாளர் இரண்டை அடித்தார். ஒன்று அவர் கண்ணில் படவில்லை. அரிசி தொடர்ந்தது.

அதோடு பயிற்சியை விட்டுவிட்டு ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன்.