வராத இரண்டு பெட்டி சவர்க்காரம்

மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்காதவன் என்று என்னைச் சொல்வார்கள். மன்னாரில் மழையும் குறைவு, நான் என்ன செய்ய? அப்படிப்பட்ட எனக்குக் கொழும்புப் புறக்கோட்டை மொத்தக் கடையில் பெட்டி தூக்கும் பதவி. மாதம் ஒருமுறை மன்னாருக்கு ரயிலேறி, எங்களிடம் சரக்கெடுக்கும் ஒரு முதலாளியிடம் காசு வாங்கி வருவதும் என் வேலைதான். வாங்கியதும் பக்கத்திலுள்ள என் ஊரான தோட்டவெளிக்கு ஓடுவேன். அங்கே என் மனைவி இருந்தாள். அந்த ஒரு இரவுக்காகத்தான் மிச்ச நாளெல்லாம் பெட்டி தூக்கினேன்.

ஒருமுறை அந்த மன்னார் முதலாளி காசு தரவில்லை. பில்லை மேசையில் போட்டார். பத்துப் பெட்டி சலவைச் சவர்க்காரம் என்றிருந்ததை வெட்டி எட்டு என்று எழுதியிருந்தார்.

"வந்தது எட்டு. பில்லு பத்துக்கு. உங்கட கடைக் கணக்கே எனக்கு வேண்டாம், தம்பி."

கணக்கு நின்றால் என் பயணமும் நிற்கும்.

"முதலாளி, வெட்டாதேங்கோ. இதே பில்லு கொழும்பிலயும் ஒண்டு இருக்குது. உங்கட கத்தி அங்க எட்டாது."

"அப்ப பத்துக்கும் நான் கட்டுறதோ?"

"இல்லை. பில்லு அப்பிடியே கிடக்கட்டும். ரெண்டு பெட்டி வரேல்லை, அதின்ர விலையை உங்கட கணக்கில எங்கட பேருக்குப் பற்று வைச்சிருக்கிறன் எண்டு நீங்கள் எழுதி அனுப்புங்கோ. அது டெபிட் நோட்டு. சரக்கோட வந்த ரயில் சீட்டிலயும் எட்டுத்தானே? அந்தச் சீட்டு நம்பரையும் போடுங்கோ. எங்கட ஆக்கள் ஒத்துக்கொண்டால், உங்கட பேருக்கு அந்தத் தொகையை வரவு வைச்சம் எண்டு கிரெடிட் நோட்டு வரும். பில்லில அதைக் கழிச்சு மிச்சத்தைக் கட்டுங்கோ."

"ஒத்துக்கொள்ளாட்டி?"

"என்னைப் பிடிச்சு வைச்சிருங்கோ. ரெண்டு பெட்டி பெறமாட்டன், அது வேற கதை."

சிரித்துவிட்டார். "உனக்கு ஆரடா இதெல்லாம் சொல்லித் தந்தது?"

"எங்கட கடைக் கணக்கப்பிள்ளை. நான் பெட்டி எண்ணிப் பிழை விடுறபோதெல்லாம் இதைச் சொல்லித்தான் ஏசுவார். நான் நிறையப் பிழை விட்டனான்."

அன்றே தன் கையால் அழகாக எழுதித் தந்தார். அடுத்த மாதம் கிரெடிட் நோட்டைக் கொண்டுபோனேன். எட்டுப் பெட்டிக் காசை எண்ணித் தந்தார். பெரிய வெற்றி என்று தோட்டவெளியில் மனைவியிடம் அளந்தேன். "அப்ப இனி ஒவ்வொரு மாதமும் வருவியள்தானே?" என்றாள். ஓம் என்றேன்.

கொழும்பில் எங்கள் முதலாளிக்கும் நல்ல சந்தோசம். "அந்த மனுசன் வடிவா எழுதுறார். இனி எல்லாம் தபாலில முடிக்கலாம், காசும் மணியோடரில வரட்டும். உனக்கு ஏன் வீண் ரயில் செலவு?"

அவ்வளவு விளக்கமாகவா சொல்லிக் கொடுப்பேன், மடையன்!

அதன்பின் மாதாமாதம் மன்னார் முத்திரையோடு உறை வரும். தபால் கந்தோரிலிருந்து நான்தான் எடுத்து வருவேன். உள்ளே சவர்க்காரமும் மண்ணெண்ணெயும் இருக்கும். தோட்டவெளியைப் பற்றி ஒரு வரியும் இராது. தெரிந்தும், அதைக் கணக்கப்பிள்ளையிடம் கொடுக்கப் படிக்கட்டில் மெதுவாகத்தான் ஏறுவேன்.