தொண்ணூத்தொம்பது புள்ளி நாலு அஞ்சு

எங்க ஃபேக்டரில அவளுக்கு நாங்க வச்ச பேரு துறுதுறு. ஒரு இடத்துல அஞ்சு நிமிஷம் உட்கார மாட்டா. சாப்பாட்டு டப்பாவைக் கையில வச்சுக்கிட்டே நடப்பா. மத்தியானம் அவ அம்மா போன் பண்ணினா, மூடி திறக்காத டப்பாவைப் பார்த்துக்கிட்டே "சாப்டேம்மா"ன்னு கூசாம புளுகுவா.

நாங்க செய்யறது பஸ்ஸோட ஸ்டீயரிங்ல சேர்ற இரும்புக் கை. அதுல விரிசல் இருக்கான்னு பார்க்கிறது என் வேலை. காந்தப் பொடி கலந்த தண்ணியை ஊத்தி, திரை போட்ட அறையில நீல விளக்குக்குக் கீழ பிடிச்சா, விரிசல் இருக்கற இடம் பச்சைக் கோடா மின்னும். பதினோரு வருஷமா இதே வேலைதான்.

துறுதுறு கம்ப்யூட்டர் படிச்சவ. என் அறையில கேமரா மாட்டி, எட்டு மாசம் மல்லுக்கட்டி, நல்ல பீஸ், விரிசல் பீஸ்னு பிரிச்சுச் சொல்ற ஒரு மாடலைப் பண்ணினா. நாலாயிரம் போட்டோ கொடுத்துச் சோதிச்சதுல 99.45 சதவீதம் சரின்னு வந்துச்சு. மேனேஜருக்குத் தலைகால் புரியல. அந்த நம்பரைப் பெரிசா அச்சடிச்சு வாசல்ல ஒட்டிட்டார். திங்கக்கிழமை காலையில என்னைப் பேக்கிங்குக்கு அனுப்பிட்டு, மாடலை மட்டும் தனியாப் பார்க்க விட்டார். எனக்கு வயிறு எரிஞ்சுது, மறைக்க மாட்டேன். அவகூட முகம் கொடுத்தே பேசல.

பதினொரு மணிக்கு அவளே பேக்கிங்குக்கு வந்தா. விரலை நெட்டி முறிச்சுக்கிட்டு நின்னா.

"அக்கா, ரெண்டாயிரம் பீஸ் பார்த்தா நீங்க எத்தனை தள்ளி வைப்பீங்க?"

"ஒரு பத்து. ஏன்?"

காலையில ரெண்டாயிரம் போயிருக்கு, மாடல் தள்ளி வச்சது ரெண்டே ரெண்டுன்னா. அவ முகம் வெளிறிப் போச்சு. ரெண்டு மணிக்கு லாரில ஏத்தப் போறது அந்தப் பெட்டிங்களைத்தான். கோபத்தை மூட்டை கட்டி வச்சுட்டு அவ பின்னாலேயே போனேன்.

பழைய சோதனையை மறுபடி திறந்து, இந்தத் தடவை விரிசல் பீஸை மட்டும் தனியா எண்ணினா. நாலாயிரத்துல விரிசல் மொத்தமே இருபது. மாடல் பிடிச்சது மூணு, கோட்டை விட்டது பதினேழு. நல்ல பீஸ் அஞ்சைத் தப்பா விரிசல்னு சொல்லியிருக்கு. ஆக மொத்தம் இருபத்திரெண்டு தப்பு. நாலாயிரத்துல அது எம்மாத்திரம்? அதான் மார்க் அமோகமா வந்திருக்கு. "மொத்தத்தைப் பார்த்துட்டு இதை எண்ணாம விட்டுட்டேனே அக்கா, எனக்கு என்ன கேடு"ன்னு தலையில அடிச்சுக்கிட்டா.

மேனேஜர்கிட்ட சொன்னா ஏறல. வாசல் நம்பரைக் காட்டி, இதுக்கு மேல என்ன வேணும், லாரியை நிறுத்த முடியாதுன்னுட்டார். மணி ஒண்ணரை. அவ மேனேஜர் அறைக்குள்ளயே நாலு நடை நடந்தா. அப்புறம் அவர் கம்ப்யூட்டர்லயே குனிஞ்சு என்னமோ தட்டி, அதே நாலாயிரம் போட்டோவையும் கொடுத்தா.

"சார், இது வேற மாடல். இதுக்குத் தொண்ணூத்தொம்பதரை. எது வேணும்?"

"கேக்கணுமா? இதையே போடு."

"இது போட்டோவைப் பார்க்கவே இல்ல சார். எது வந்தாலும் நல்ல பீஸ்னு சொல்லும். ஒரே வரிதான் எழுதினேன். இருபது விரிசலையும் விட்டுடும், இருந்தும் என் மாடலை விட மார்க் கூட."

அவர் கம்ப்யூட்டர் பக்கம் குனிஞ்சார். அந்த மார்க்கு வெறும் பொய்யாங்கற மாதிரி அந்த ஒரு வரியையே வெறிச்சுப் பார்த்தார். அவ விடல. லேசா சந்தேகம் வந்தாலே தள்ளி வைன்னு மாடலை மாத்திக் காட்டினா. இருபதுல பத்தொம்பது பிடிச்சுது. ஆனா நல்ல பீஸ் நூத்தம்பத்தொம்பதையும் சேர்த்துத் தள்ளுச்சு. மார்க் தொண்ணூத்தாறுக்கு இறங்கிடுச்சு. தள்ளி வச்சதை எல்லாம் அக்கா கண்ணால பார்க்கணும், அந்த விட்டுப்போன ஒண்ணுக்கும் வழி தெரியற வரைக்கும் மாடலைத் தனியா விடக் கூடாதுன்னு சொன்னா. எட்டு மாசம் வளர்த்ததைத் தானே போட்டு உடைக்கிறோமேன்னு அவளுக்கு இருந்திருக்கும். ஆனாலும் சொல்லி முடிச்சா.

மேனேஜரே லாரியை நிறுத்தச் சொன்னார். பெட்டியை எல்லாம் திருப்பிக் கொண்டுவந்து, நான் நீல விளக்குக்குக் கீழ உட்கார்ந்தேன். அவ ஒவ்வொரு பீஸா எடுத்துக் கொடுத்தா. அன்னைக்கும் மறுநாளும் பார்த்தோம். எட்டு பீஸ்ல பச்சைக் கோடு மின்னுச்சு. எட்டையும் மாடல் நல்ல பீஸ்னு அனுப்பியிருந்துச்சு.

எட்டாவதைக் கையில வாங்கினவ அதைக் கீழ வைக்கவே இல்ல. "இது ஒரு பஸ்ஸுக்குப் போயிருக்கும்ல அக்கா"ன்னா. நான் எழுந்து அவளை என் ஸ்டூல்ல உட்கார வச்சேன். அரை மணி நேரம் அசையாம உட்கார்ந்திருந்தா.