பட்டா என்றே இருக்கட்டும்

நான் பிறந்தது இராமநாதபுரம் பக்கம். அகதியாக வந்து முகாமில் இருந்தவரைக் கட்டினேன். சண்டை முடிந்ததும் அவரோடு இங்கே இலங்கைக்கு வந்துவிட்டேன். புத்தளம் பக்கம் மாம்புரியில் இருக்கிறோம். அவர் கடலுக்குப் போவார். நான் தோட்டங்களில் மிளகாய் ஆயப் போவேன். எனக்குப் படிப்பு குறைவு. இங்கிலீசு ஒரு எழுத்தும் தெரியாது.

அப்பா இறந்தபோது என்னால் போக முடியவில்லை. அவர் விட்டுப்போனது கொஞ்சம் புஞ்சை நிலம். அதன் ஓரத்தில் ஒரு ஓட்டு வீடு. அதில் என் தங்கச்சி இருக்கிறாள். புருஷன் விட்டுவிட்டுப் போனவள். கத்தரி, வெண்டை போட்டுப் பிழைக்கிறாள். நிலத்தை இறால் பண்ணைக்காரருக்கு விற்க அண்ணன் ஆள் பார்த்துவிட்டான். அப்பா பேரில் இருந்த பட்டாவைத் தன் பேருக்கு மட்டும் மாற்றித் தரும்படி தாலுகா ஆபீசில் எழுதிக் கொடுத்துவிட்டான். வாரிசுச் சான்றிதழில் மூன்று பேர் இருக்கிறோம். ஒருத்தி வெளிநாட்டில், வரமாட்டாள், இன்னொருத்திக்குச் சம்மதம் என்று சொல்லிவிட்டான். தங்கச்சி சம்மதம் சொல்லவில்லை.

அவள் போனில் அழவில்லை. “அக்கா, உன் பங்குக்கும் நானே நின்னு பேசுறேன். அதுக்கு ஒரு பவர் எழுதி அனுப்பு. இல்லேன்னா நான் நடுத்தெருதான்” என்றாள்.

புத்தளத்தில் ஒரு சட்டத்தரணியிடம் போனோம். வக்கீல் வேலையோடு, பத்திரம் எழுதிச் சான்று தருகிற நொத்தாரிசும் அவர்தான். முஸ்லிம் பெண். சின்ன வயது, மரியாதையான பிள்ளை. பவருக்கு இங்கே தத்துவப் பத்திரம் என்று பேர்; அதை இங்கிலீசில்தான் எழுத வேண்டும் என்றார். கொழும்பில் சீல் அடிக்கிறவர்களுக்குத் தமிழ் ஓடாது. கூடவே நிலம் எது, அதற்கு என்ன காகிதம் இருக்கிறது என்று ஒரு சின்னக் குறிப்பும் வைக்க வேண்டுமாம்.

தங்கச்சி போனில் அனுப்பியிருந்த தாளைக் காட்டினேன். பட்டாவும் சிட்டாவும் சேர்ந்த ஒரே தாள். கம்ப்யூட்டரில் எடுத்தது.

“பட்டா எண்டா காணி உறுதி தானேக்கா?”

“ஆமா, நிலத்துக் காகிதம்.”

“இவ்வளவு காலம் இங்க ஈந்தும் இன்னும் ஆமா தான், உங்களுக்கு ஓம் வரல்லையே” என்று சிரித்தார். என் வீட்டுக்காரரும் சிரித்தார்.

எழுதி முடித்து, தமிழில் வாசித்துக் காட்டினார். அப்பாவுக்கு உறுதி இருக்கிறது, வரி கட்டிய ரசீது இருக்கிறது என்று வந்தது. பட்டாவை உறுதி ஆக்கியிருந்தார். சிட்டாவை ரசீது ஆக்கியிருந்தார். இங்கே எல்லாரும் காணிக் காகிதத்தை உறுதி என்றுதான் சொல்கிறார்கள். எனக்கு வித்தியாசமாகப் படவில்லை; உறுதி என்றால் ஊரில் சொல்கிற உரிமைப் பத்திரம் என்று பிறகுதான் தெரிந்தது. கையெழுத்துப் போட்டேன்.

பிறகு கொழும்பு. ஒரு இடத்தில் சீல். அதைக் கொண்டுபோய் இந்தியத் தூதரகத்தில் இன்னொரு சீல். வரிசை, கதிரை, திரும்ப வரிசை. திரும்பி வரும்போது பாலாவியில் பஸ் நின்றது. இறங்கிப் பாண் வாங்கித் தின்றோம்.

தங்கச்சி அதைத் தாலுகா ஆபீசில் ஆட்சேபணையோடு சேர்த்துக் கொடுத்தாள். பிரதி அண்ணன் பக்கமும் போயிற்று. அவன் என்னைக் கூப்பிட்டான். வருஷக்கணக்கில் கூப்பிடாதவன்.

“என்னத்தா, பத்திரம் வச்சிருக்கியாமே? எங்கத்தா வச்சிருக்க, தலகாணிக்கு அடியிலயா? எடுத்துக் காட்டு பாப்போம்.”

“எழுதினது வேற மாதிரி ஆயிப்போச்சு.”

“கடல் தாண்டிப் போனவ பொய்க் காயிதம் அனுப்புறா. இதத்தான் தாசில்தார்ட்ட சொல்லப் போறேன்” என்று வைத்துவிட்டான்.

அடுத்து தங்கச்சி. “அப்பாட்ட ஏதுக்கா பத்திரம்? தாத்தா காலத்துலருந்து பட்டாதானே. அவன் வக்கீலு அந்தத் தாளக் காட்டிச் சிரிக்கிறாராம். அக்கா சொன்னது பொய்யின்னா நான் சொல்றதும் பொய்யின்னுருவாங்க.”

விசாரணைக்கு நாள் குறித்திருந்தார்கள். திரும்பவும் புத்தளம் போனோம். சட்டத்தரணி கேட்டுவிட்டுப் பேனாவை வைத்தார்.

“என்ட பிழைக்கா. எங்கட பழக்கத்தில எழுதிட்டேன். இப்ப ஒண்டொண்டாச் சொல்லுங்க. பட்டா ஆரு தாற?”

“தாசில்தார் ஆபீசு.”

“அரசாங்கம் காணி தந்து, அதுக்குத் தாற பெர்மிட்டா? எங்கட ஒப்பம் மாதிரி?”

“இல்ல. நிலம் எங்களோடது. தீர்வை யார் பேர்ல நிக்குதுன்னு அவங்க கணக்குல எழுதியிருக்கது.”

“அப்ப பெர்மிட் எண்டும் எழுத ஏலாது. அப்பிடி எழுதினா அரச காணி எண்டு நினைப்பாங்க. சிட்டால என்ன ஈக்கு?”

“சர்வே நம்பர். நஞ்சையா புஞ்சையா. எவ்வளவு. தீர்வை எவ்வளவு.”

அவரோடு சட்டம் படித்த ஒருவர் மதுரையில் இருந்தார். அவரைக் கூப்பிட்டு எங்களுக்கும் கேட்கும்படி போனை மேசையில் வைத்தார்.

“மேடம், டீட், உரிமைப் பத்திரம்னு மட்டும் போட்றாதீங்க” என்றது அந்தக் குரல். “பட்டாவப் பட்டான்னே எழுதுங்க. பக்கத்துல, வருவாய்த்துறைப் பதிவுல பேர் இருக்கதக் காட்டுற சான்று, உரிமைப் பத்திரம் இல்லன்னு ஒரு வரி. சிட்டாவும் சிட்டாதான். நில விவரப் பதிவோட நகல்னு போடுங்க. ரெண்டும் ஒரே தாள்லதான் வருது, அதையும் சொல்லிருங்க.”

எனக்குப் பயம் வந்தது. “உரிமைப் பத்திரம் இல்லன்னு நம்மளே எழுதிக் குடுக்கிறதா? அண்ணனுக்கு அதுதானே வேணும்.”

என் வீட்டுக்காரரும், “ஓம் மிஸ், அது எங்கட கழுத்தில நாங்களே சுருக்குப் போடுற கதை” என்றார்.

சட்டத்தரணி பழைய குறிப்பைத் தள்ளி வைத்தார். பிறகு சொன்னார்: “அக்கா, பட்டா உரிமை இல்லையெண்டா அது அண்ணனுக்கும் தானே? அவர் தன்ட பேருக்கு மட்டும் மாத்தினாலும் காணி அவருக்கு மட்டும் சொந்தமாகாது. உங்கட உரிமை வாப்பாட பிள்ளையா இருக்கிறதில வருது. காகிதத்தில இல்ல.”

போனிலும், “கரெக்ட் மேடம்” என்றார் மதுரைக்காரர்.

எழுதினார். முன்னதை விடச் சின்னக் குறிப்பு. பட்டா அப்பா பேரில் இருக்கிறது. அப்பா உயில் எழுதவில்லை. பிள்ளைகள் மூவர். என் பங்கை நான் விட்டுக்கொடுக்கவில்லை. தங்கச்சி அந்த வீட்டில் இருக்கிறாள். முதல் குறிப்பில் உறுதி என்று இருந்தது பிழை என்று ஒரு வரி. பழைய தத்துவப் பத்திரத்தை ரத்துச் செய்து புதிது போட்டோம். பெருமையாக ஒன்றும் இல்லை. பொய்யும் இல்லை.

திரும்ப கொழும்பு. திரும்ப வரிசை. இந்த முறை என் வீட்டுக்காரர் வரவில்லை. கடல் நல்லாயிருந்தது, தொழிலை விட முடியாது. தனியே போய் வந்தேன். கால் வீங்கிவிட்டது.

விசாரணையில் அண்ணனுடைய வக்கீல் பழைய தாளைத்தான் முதலில் எடுத்தாராம். தங்கச்சி புதியதை நீட்டியிருக்கிறாள். தாசில்தார் இரண்டையும் படித்துவிட்டு அண்ணனைப் பார்த்து, “பத்திரம் இல்லன்னு அவங்களே சொல்லிட்டாங்க. ஒங்கட்ட இருக்கா?” என்று கேட்டாராம். அவனிடமும் இல்லை. தனிப்பட்டா தர முடியாது, வாரிசு மூன்று பேருக்கும் கூட்டுப் பட்டா, ஒத்துக்கொள்ளாதவர் கோர்ட்டுக்குப் போகலாம் என்று உத்தரவு வந்தது.

அண்ணன் கோர்ட்டுக்குப் போகவில்லை. இறால் பண்ணைக்காரர் வேறு நிலம் வாங்கிவிட்டார். கூட்டுப் பட்டாவில் என் பேருக்கு நேரே புருஷன் பேரைப் பிழையாக அடித்திருக்கிறார்கள். அதைத் திருத்த இன்னொரு மனுப் போட வேண்டும் என்கிறாள் தங்கச்சி. போடு என்றேன். எனக்குத் தெம்பு இல்லை.

அண்ணன் வீடும் பக்கத்தில்தான், ஆனால் அவளோடு பேசுவதில்லை. கிணறு பொதுவில் இருப்பதால் இருவரும் தினமும் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். அவன் தண்ணீர் இறைத்து முடிக்கும் வரை இவள் குடத்தோடு தள்ளி நிற்கிறாள். பிறகு போய் இறைத்துக் கத்தரிக்கு ஊற்றுகிறாள்.