ஒன்பதாம் நாள் கத்திரிக்காய்

ஜனக்புரியில் தமிழ்க் குடும்பம் எது புதிதாக வந்தாலும், பால் கார்டு வாங்கும் முன்பே சாந்தகுமாரியைத் தேடி வந்துவிடும். கடைக்காரனிடம் பேச வேண்டுமா, ஆட்டோக்காரனிடம் சண்டை போட வேண்டுமா, சாந்தகுமாரி அக்கா இருக்கிறாள். பதினெட்டு வருஷ டெல்லி வாழ்க்கையில் தன் இந்தியை இந்திக்காரர்களாலேயே மிஞ்ச முடியாது என்பது அவள் எண்ணம். தன்னடக்கம் என்ற வியாதி அவளை அண்டியதே கிடையாது.

இரண்டாயிரத்தெட்டில், திருநெல்வேலியிலிருந்த தங்கை அம்சவேணியின் வீட்டுக்காரருக்கு டெல்லிக்கு மாற்றல் வந்தது. சாந்தகுமாரிக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் அம்சவேணி போனில் அழுதாள். "பாஷை தெரியாத ஊர்ல என்னக்கா செய்வேன்? அவுக மட்டும் போகட்டும்."

பதினெட்டு வருஷமாக ஒரு சொந்தம்கூடப் பக்கத்தில் இல்லாதவள் அதை விடுவாளா? ரயிலுக்கு முப்பது நாள் இருந்தது. தினம் ஒரு சின்ன வீடியோவில் இந்தி சொல்லிக்கொடுத்து, இணையத்தில் ஏற்றிவிடுவது என்று முடிவானது. அம்சவேணி தெருமுனை பிரவுசிங் சென்டரில் பார்த்துக்கொள்வாள்.

கல்லூரியில் ஊடகவியல் படித்த சாந்தகுமாரியின் மகள் கனிமொழி பெரிய சார்ட்டில் முப்பது கட்டம் போட்டாள். ஒவ்வொன்றிலும் தேதி, தலைப்பு, பார்ப்பவரை இழுக்கிற முதல் வரி, சொல்ல வேண்டிய மூன்று விஷயம், கடைசியில் அவர்கள் செய்து பார்க்க ஒரு வேலை. எதுவும் இரண்டு நிமிஷத்தைத் தாண்டக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை மொத்தமாகப் படம்பிடித்து வைத்துக்கொண்டு, தினமும் ஒரே நேரத்தில் ஏற்ற வேண்டும்.

"மத்தியானம் நாலு மணிம்மா."

"செவ்வாய்க்கிழமை நாலு மணி ராகு காலம்டி. ஆறு மணின்னு வை, எந்தக் கிழமைக்கும் தோஷமில்ல."

முதல் எட்டும் வீட்டுக்குள்ளேயே ஒரே ஞாயிற்றுக்கிழமையில் எடுத்தவை. சாந்தகுமாரி எட்டுத் தடவை புடவை மாற்றினாள். கனிமொழி எழுதி வைத்த இந்தியை எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தாள். எட்டாம் நாள் தங்கையின் போன் வந்தது.

"மண்டை காயுதுக்கா. இவ்வளவு படிக்கணுமா? நான் வரல."

சாந்தகுமாரிக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

ஒன்பதாம் நாள் தலைப்பு, காய்கறி பேரம். முதல் வரி: 'விலையைக் கேட்டு மயங்கி விழாதீங்க!' பிறகு விலை கேட்பது, பாதி சொல்வது, நகர்ந்து போவது போல நடிப்பது. முதல் வெளிப்புறக் காட்சி. வழக்கமான வண்டிக்காரன் ராம்பாலிடம் போனார்கள். கனிமொழி கேமராவைத் தூக்கினாள்.

சாந்தகுமாரி தொண்டையைக் கனைத்து, "பையா, பைங்கன் கைசே தியே?" என்று கத்திரிக்காய் விலையை இந்தியில் கேட்டாள்.

ராம்பால் திகைத்தான். பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தான். பிறகு கவலையோடு கேட்டான். "என்னம்மா, ஒடம்புக்கு முடியலியா? கத்திரிக்கா இளசு. எடுத்துக்கிடுங்க."

"ஏ, இந்தியில சொல்லு!"

"நீங்க இந்தி பேசுனா எனக்குப் புரியாதும்மா. எப்பவும் போலப் பேசுங்க, புரியும்."

பக்கத்திலிருந்த ஆட்டோ ஸ்டாண்டே சிரித்தது. "அக்கா, எங்க போகணும்?" என்று ஒரு சர்தார்ஜி தமிழில் குரல் கொடுத்தார். பதினெட்டு வருஷமாகத் தான் இந்தி பேசுவதாக நினைத்திருந்தவளுக்கு அப்போதுதான் விளங்கியது. நடுநடுவே அச்சாவும் ஜல்தியும் தூவி அவள் பேசியது முழுக்கத் திருநெல்வேலித் தமிழ். இந்த ஊர்க்காரர்கள்தாம் அவளிடம் தமிழ் கற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

"அதை அழிச்சிரு. மானம் போகுது."

"இன்னிக்கு ஏத்த வேற வீடியோ இல்லம்மா. ஒரு நாள் விட்டா சித்தி பார்க்கிறதையே விட்டுருவாங்க."

மானமா, தங்கையா? சாந்தகுமாரி முகத்தைத் திருப்பிக்கொண்டு, "ஏத்தித் தொலை" என்றாள்.

ஏழு மணிக்கு அம்சவேணியின் போன். சிரிப்பு அடங்கவே ஐந்து நிமிஷம் ஆனது.

"அக்கா, கத்திரிக்கா விக்கிறவனே நம்ம பேச்சுப் பேசுதான். ஊரையே பேச வச்சிட்ட நீ. உன் பக்கத்துல இருக்க எனக்கென்ன பயம்? வாரேன்."

சாந்தகுமாரி அழுதுவிட்டாள். சந்தோஷத்தில்தான்.

மறுநாள் சார்ட்டில் மிச்சமிருந்த இருபத்தொரு கட்டங்களையும் கனிமொழி திருத்தினாள். முதல் வரியும் கடைசி வேலையும் அப்படியே இருந்தன. நடுவில் மூன்று விஷயம் எழுதிய இடத்தை அடித்துவிட்டு, 'எதிரில் நிற்பவர் சொல்வது' என்று மட்டும் எழுதினாள்.

முப்பதாம் நாள் நிஜாமுதீன் ஸ்டேஷனில் எடுத்தது. தலைப்பு, கூலியிடம் பேசுதல். ரயிலை விட்டு இறங்கிய அம்சவேணி, அக்காவைக் கட்டிக்கொள்ளும் முன்பே, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடியவனைப் பார்த்துக் கத்தினாள்.

"பையா, ஜல்தி வேண்டாம், மெதுவா போ! உள்ள ஊறுகா இருக்கு!"

அவன் நின்றான்.

"பாத்தியா கனி," என்றாள் சாந்தகுமாரி பெருமையாக, "என் தங்கச்சி எப்படி இந்தி பேசுதா!"