நாக்கண்ணனுக்கு வந்த சாயங்காலக் காய்ச்சல்

பால் சேகரிப்பு நிலையத்தில் அவருடைய வேலைக்குப் பரிசோதகர் என்று பெயர். ஊர் வைத்த பெயர் நாக்கண்ணன். விடியற்காலையில் கேன்களோடு வரிசையில் நிற்பவர்கள் மூடியைத் திறந்து வைப்பார்கள். நாக்கண்ணன் நீளக் கைப்பிடி வைத்த சின்னக் கரண்டியால் ஒரு வாய் எடுத்து, நாக்கில் சுழற்றி, கண்ணை மூடி, விழுங்குவார். பிறகு தலையை ஆட்டினால் பால் உள்ளே போகும். ஆட்டாவிட்டால் கேன் வீட்டுக்குப் போகும். "துப்பிடலாமே அண்ணே" என்று யாராவது சொன்னால் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்துவிடும். பாலின் குணம் தொண்டையில்தான் தெரியும் என்பது அவருடைய கட்சி.

பரிசோதனை செய்ய மேலிடத்திலிருந்து ஒரு மிஷின் வந்திருந்தது. அது மூலையில், மேலே துண்டு போர்த்திக்கொண்டு, மாப்பிள்ளை வீட்டார் வருவதற்காகக் காத்திருக்கும் பெண்ணைப் போல உட்கார்ந்திருந்தது. துண்டைப் போர்த்தியவர் நாக்கண்ணன்தான். மிஷினைத் திறந்தால் தன் நாற்காலி ஆட்டம் கண்டுவிடும் என்று அவருக்கு உள்ளூர ஒரு பயம். அதை ஒருவரிடமும் சொன்னதில்லை. தண்ணீர் கலந்ததை ஒரே வாயில் சொல்லும் நாக்கு, அவருடைய மரியாதை, சம்பளம், மாலையில் கடைத்தெருவில் கிடைக்கும் நாற்காலி எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டிருந்தது.

இப்படி இருந்த மனிதருக்குத்தான் காய்ச்சல் வந்தது. வந்ததும் சாதாரணக் காய்ச்சலாக இல்லை. மாலை விளக்கேற்றும் நேரத்துக்கு மெல்ல ஏறும். உடம்பு முறுக்கும், இடுப்பு கழன்று விழுவது போல வலிக்கும். விடியும்போது போர்வை, தலையணை, பனியன் எல்லாம் நனைய வியர்த்துவிட்டுப் போய்விடும். காலையில் டாக்டரிடம் போனால் உடம்பு வாழைத்தண்டு மாதிரி சில்லென்று இருக்கும்.

"காய்ச்சல் எங்கேங்க?" என்பார் டாக்டர்.

"சாயங்காலம் வரும் சார்" என்பார் இவர்.

"அப்ப சாயங்காலம் வாங்க."

"சாயங்காலம் நீங்க இருக்க மாட்டீங்களே சார்."

மைத்துனருக்கு இது கொண்டாட்டம். பால் லாரி ஓட்டுகிற ஆள், அக்கா வீட்டில் வந்து சாப்பிட உட்கார்ந்தால் வாய் சும்மா இருக்காது. "மாமாவோட காய்ச்சல் ஷிப்டுல வேலை பாக்குதுக்கா. காலைல ஓய்வு" என்றார். அக்காவுக்கும் அப்படி ஒரு சந்தேகம் இல்லாமல் இல்லை. சந்தையில் மூட்டை தூக்க வேண்டிய நாளில்தான் இடுப்பு வலி அதிகமாகிறது என்று அவர் கவனித்து வைத்திருந்தார்.

முதல் டாக்டர் சளிக் காய்ச்சல் என்றார். இரண்டாமவர் டைபாய்டாக இருக்கலாம் என்று மாத்திரை கொடுத்தார். மாத்திரை சாப்பிட்டதும் காய்ச்சல் ஒதுங்கியது. நாக்கண்ணன் டாக்டருக்கு ஒரு கூடை பழம் கொண்டுபோய்க் கொடுத்தார். பழம் தீர்வதற்குள் காய்ச்சல் திரும்பி வந்தது. அடுத்தவர் மலேரியாவுக்கு ரத்தம் எடுத்தார், காச நோய்க்கு நெஞ்சைப் படம் பிடித்தார். இன்னொருவர் வயசான மூட்டு என்றார். ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கக்கூட அனுப்பினார்கள். ஆய்வகத்தில் வழக்கமான நாள்கள் வரை வைத்துப் பார்த்து, ஒன்றும் வளரவில்லை என்று குப்பியைக் கழித்துவிட்டார்கள். ஆள் மட்டும் இளைத்துக்கொண்டே வந்தார்.

இதற்கு நடுவில், சொல்லவும் முடியாத மெல்லவும் முடியாத ஓர் இடத்தில் வீக்கம் வேறு வந்து சேர்ந்தது. அதை அவர் எந்த டாக்டரிடமும் மூச்சு விடவில்லை. இடுப்பு வலியால்தான் கால்களை அகட்டி நடப்பதாகச் சொல்லிக்கொண்டார். நிலையத்து வாசலில் அவர் வாத்து நடை நடந்து வருவதைப் பார்த்துக் கேன் வரிசை முழுக்கத் தொண்டையைச் செருமிக்கொண்டது.

நிலையத்தின் தலைவர் ஒரு நாள் மூலையைப் பார்த்தபடி, "உடம்ப பாத்துக்குங்க. வேணும்னா மிஷின எடுத்துக்கலாம்" என்றார். அக்கறையாகத்தான் சொன்னார். நாக்கண்ணன் மூலைக்குப் போய் மிஷின்மேல் இருந்த துண்டை இன்னும் கொஞ்சம் இழுத்து மூடினார். மறுநாளே பெரிய ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்.

அங்கே இருந்த டாக்டரம்மா நிதானமான ஆள். மாலைக் காய்ச்சலைத் தன் கண்ணால் பார்த்தார். போர்வையைத் தூக்கிப் பரிசோதித்து அந்த வீக்கத்தையும் கண்டுபிடித்தார். நாக்கண்ணன் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். டாக்டரம்மா முகத்தில் ஏதோ ஓடியது.

"வீட்ல ஆடு மாடு உண்டா?"

"இல்லைங்க."

"காய்ச்சாத பால் குடிப்பீங்களா?"

"பாலா? பாலே எனக்கு ஆகாதும்மா. கறுப்பு டீதான்."

மனைவி கட்டில் ஓரத்திலிருந்து சாட்சி சொன்னார். "கல்யாணம் ஆன நாள்லேருந்து இவரு ஒரு டம்ளர் பால் குடிச்சு நான் பாத்ததில்லைங்க. பாயசம் வச்சாக்கூட மூஞ்சியத் திருப்பிக்குவாரு."

"என்ன வேலை பாக்கறீங்க?"

"பரிசோதகர்" என்றார் நாக்கண்ணன், கொஞ்சம் நிமிர்ந்து. டாக்டரம்மா மேசை, பேனா, மின்விசிறி என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. பால் என்கிற கேள்வியை அடித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டார். இதில் அவரைக் குறை சொல்லவும் முடியாது. நோயாளி பொய் சொல்லவில்லை. நாக்கண்ணன் அகராதியில் டம்ளரில் ஊற்றினால்தான் குடிப்பது. கரண்டியில் எடுத்தால் அது உத்தியோகம்.

அடுத்த நாள் காலை நர்ஸ் பால் கொண்டுவந்தார். நோயாளிகளுக்கெல்லாம் கொடுப்பதுதான். வேண்டாம் என்று கையை ஆட்டிய நாக்கண்ணன், பழக்க தோஷம், தட்டிலிருந்த கரண்டியை டம்ளருக்குள் விட்டு ஒரு வாய் எடுத்து, சுழற்றி, கண்ணை மூடி, விழுங்கினார்.

"மூணுல ஒரு பங்கு தண்ணி. ஒருதரம் காய்ச்சி, ஆறி, மறுபடி காய்ச்சினது" என்றார்.

நர்ஸ் முகம் சிவந்துவிட்டது. "எங்க கிச்சன்ல தண்ணி கலக்க மாட்டாங்க சார்."

"ஏம்மா, எனக்கேவா? காலைல எத்தனை கேன் ருசி பாக்குறவன் நான்."

கட்டில்களைப் பார்த்துக்கொண்டு வந்த டாக்டரம்மா நின்றுவிட்டார். "கேனா? என்ன கேன்?"

"பால் கேன்தாங்க. சங்கத்துக்கு வர்ற ஒவ்வொண்ணுலயும் ஒரு வாய் எடுத்து..."

"காய்ச்சினதா?"

நாக்கண்ணன் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "காய்ச்சினா என்னம்மா தெரியும்? கறந்த பாலுதான்."

"முழுங்கிடுவீங்களா?"

"பின்னே துப்பவா?"

டாக்டரம்மா ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியாத முகம். "ஐயா, உங்களுக்குப் பாலே ஆகாதுன்னு நேத்து சொன்னீங்க. ஊர்ல இருக்கற அத்தனை மாட்டுப் பாலையும் பச்சையா குடிச்சிட்டிருக்கீங்க" என்றார். மனைவி வாயைப் பொத்திக்கொண்டார். ஒரு நாளைக்கு எத்தனை கரண்டி, கரண்டி எத்தனை சேர்ந்தால் டம்ளர் என்று அவர் மனத்துக்குள் அளந்துகொண்டிருந்தார்.

புரூசெல்லா என்று ஒரு கிருமி. மாட்டிலும் ஆட்டிலும் இருக்கும். மாட்டுக்குக் கன்று கலையும், மற்றபடி மாடு தின்னும், அசை போடும், கறக்கும். பாலில் கிருமி இறங்கும். கொதிக்க வைத்தால் செத்துவிடும், வைக்காவிட்டால் மனிதனுக்குள் போய் எலும்பு, மூட்டு, அந்தச் சொல்ல முடியாத இடம் என்று ஒளிந்துகொண்டு மாலையில் தலைகாட்டும். எந்தக் காய்ச்சலைப் போலவும் வேஷம் போடும். ஆய்வகத்தில் மிக மெதுவாக வளரும். இதைத்தான் தேடுகிறோம் என்று முன்னமே சொல்லாவிட்டால் பொறுமை காட்டமாட்டார்கள். டாக்டரம்மா இந்த முறை பெயர் சொல்லி, கவனமாகக் கையாளச் சொல்லி, ரத்தம் அனுப்பினார். அதற்கென்றே உள்ள பரிசோதனையில் அளவு எகிறிப்போய் வந்தது.

ஆறு வாரத்துக்குத் தினமும் இரண்டு வகை மாத்திரைகள். "நல்லாயிட்டேன்னு பாதியில விட்டீங்கன்னா திரும்ப வரும்" என்று டாக்டரம்மா எச்சரித்தார். சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும் என்றும் சொன்னார். இவர் காதில் விழவில்லை. முதல் நாள் காலையில் கழிவறையிலிருந்து எழுந்த அலறலில் பக்கத்துக் கட்டில்காரர் குளுக்கோஸ் பாட்டிலோடு எழுந்து நின்றுவிட்டார்.

காய்ச்சல் இறங்கியது, வாத்து நடையும் குறைந்தது. ஆனால் எந்தக் கேன் என்று தெரியவேண்டுமே. கால்நடை டாக்டர் நிலையத்துக்கு வந்து, ஒவ்வொரு வீட்டுப் பாலையும் கண்ணாடிக் குழாயில் ஊற்றி ஊதா மருந்தைக் கலந்து வைத்தார். நாக்கண்ணனும் ஒரு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றார். கிருமி இருந்தால் மேலே ஏறும் ஆடையில் ஊதா வளையம் கட்டும். காத்திருந்தார்கள். ஒரு குழாயில் மட்டும் அழகாக வளையம் கட்டியது.

அது டீச்சரம்மாவுடைய பால். பள்ளிக்கூடத்தில் ஓய்வு பெற்று ஒரே ஒரு பசு வைத்திருப்பவர். அந்தப் பாலைத்தான் நாக்கண்ணன் தினமும் வரிசைக்கே கேட்கும்படி புகழ்வார். அதில் மட்டும் இரண்டு கரண்டி எடுப்பார்.

"மாடு கன்னு போட்டுச்சாம்மா?" என்று கேட்டார் கால்நடை டாக்டர்.

"நிறை மாசத்துக்கு முன்னாடியே கலைஞ்சிடுச்சு சார். நஞ்சுக்கொடியக்கூட நான்தான் கையால இழுத்தேன். அப்புறம் நல்லாத்தானே கறக்குது."

"ரத்தமும் எடுத்துப் பாக்கணும். அதுவரைக்கும் மாட்டத் தனியா கட்டுங்க. பாலை யாருக்கும் கொடுக்காதீங்க. நீங்களும் ரத்தம் கொடுங்க."

டீச்சரம்மா நம்பவில்லை. அவர் திரும்பிப் பார்த்தது நாக்கண்ணனை. "இந்த டாக்டர் சொல்றதையா கேக்கறது? தம்பி, நீங்க தினம் குடிச்சுப் பாத்து முதல் தரம்னீங்களே. பேத்திக்குக் கறந்த நுரையோட கொடுக்கறதே நீங்க சொன்னதாலதானே."

வரிசையும் அவர் பக்கம் சாய்ந்தது. நாக்கண்ணன் சொன்னால் சரியாக இருக்கும் என்று யாரோ முணுமுணுத்தார்கள். ஊதா மருந்தைவிட அந்த ஊருக்கு நாக்கின்மேல் நம்பிக்கை அதிகம்.

நாக்கண்ணன் வளையம் கட்டிய குழாயைப் பார்த்தார். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால், இத்தனை வருஷமாகக் கட்டிவைத்தது மொத்தமும் அந்த இடத்திலேயே சரியும். மூலையில் மிஷின் இருக்கிறது. நுரை மீசையோடு நிற்கும் அந்தச் சின்னப் பெண்ணை அவர் பார்த்திருக்கிறார். பயமாகத்தான் இருந்தது.

"தெரியலைங்க டீச்சர்" என்றார். "நான் தினமும் ரெண்டு கரண்டி குடிச்சேன். ஒண்ணும் தெரியல. தித்திப்பாத்தான் இருந்துச்சு. பாப்பாவுக்கு இனிமே காய்ச்சாம கொடுக்காதீங்க. இன்னைக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க."

டீச்சரம்மா முந்தானையை இறுக்கிச் செருகிக்கொண்டார். கேனை அங்கேயே வைத்துவிட்டு, வீட்டைப் பார்த்து வேகமாக நடந்தார்.

வரிசையின் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "அப்ப போன வருஷம் என் பால்ல தண்ணின்னு கேன திருப்பி அனுப்பினீங்களே?"

"அது தண்ணிதான்" என்றார் நாக்கண்ணன். "தண்ணி தெரியும். இது யாருக்கும் தெரியாது."

அவர் மூலைக்குப் போய் மிஷின்மேல் கிடந்த துண்டை எடுத்து உதறினார். தூசியில் தும்மல் வந்தது. தும்மி முடித்துவிட்டு, இதில் எந்தப் பொத்தானை முதலில் அழுத்த வேண்டும் என்று தலைவரைக் கேட்டார்.